திறந்த கிரீம் டப்பாவுக்கு ரிட்டர்ன் உண்டா? ஆன்லைனில் அழகுப் பொருள் விற்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

துணி விற்பவருக்குத் திரும்பி வந்த சேலை மறுபடியும் சரக்குதான். முகக் கிரீம் விற்பவருக்கு அப்படி இல்லை. வாங்கியவர் மூடியைத் திருகி, உள்ளே ஒட்டியிருக்கும் அலுமினியச் சீலைப் பிரித்துவிட்டால், அந்த டப்பாவை இன்னொருவருக்கு விற்கவே முடியாது. அதனால் புதிதாகக் கடை தொடங்கும் பலர், "திறந்த பொருளுக்கு ரிட்டர்ன், ரீஃபண்ட் கிடையாது" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வரி இந்தியச் சட்டத்தின் முன் நிற்காது. கெட்டுப்போன கிரீமைத் திறந்து பார்க்காமல் யாராலும் கெட்டது என்று சொல்ல முடியாது. திறந்ததையே காரணமாகக் காட்டிப் பணத்தை மறுத்தால், குறையுள்ள பொருளுக்கு ரிட்டர்னே இல்லை என்றுதான் ஆகிறது.

இன்ஸ்டாகிராமிலோ சொந்த இணையதளத்திலோ கிரீம், பாடி பட்டர், சீரம் போன்றவற்றைச் சிறிய அளவில் விற்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் விற்பது உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம் செய்த பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன். உரிமம் இல்லாமல் வீட்டு அடுப்படியில் செய்து விற்பது வேறு பிரச்சினை. அதை ரிட்டர்ன் விதி எழுதிச் சரிசெய்ய முடியாது.

திறந்த டப்பாவை ஏன் விற்கக் கூடாது

இதை முதலில் நீங்கள் முழுதாக நம்ப வேண்டும். இல்லையென்றால், "ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கிறார், மேலே வழித்துவிட்டுக் கொடுத்தால் என்ன?" என்ற எண்ணம் ஒருநாள் வரும்.

கிரீம் என்பது பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெயும் கலந்த பொருள். தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். அதைத் தடுக்கத்தான் பாதுகாப்புப் பொருள் சேர்க்கிறார்கள். வாங்கியவர் தினமும் விரலால் கொண்டுவரும் கொஞ்சக் கிருமியைச் சமாளிக்கும் அளவுக்கே அது இருக்கும். அவர் தோலில் இருந்து வந்த கிருமி அவரோடு நின்றுவிட்டால் பெரிய ஆபத்து இல்லை. அதே டப்பா, முகப்பரு உடைந்திருக்கும் இன்னொருவர் கைக்குப் போனால் கதை வேறு. ஸ்டஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் கெட்டுப்போன அழகுப் பொருள்களில் கண்டுபிடிக்கப்படுபவை. நிறமோ வாசனையோ மாறாமலேயே அவை அங்கே பெருகியிருக்க முடியும். கண்ணால் பார்த்து, மோந்து பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராலும் சான்றளிக்க முடியாது.

தண்ணீரே சேர்க்காத பாடி பட்டர் கொஞ்சம் தாங்கும். ஆனால் குளித்த ஈரக்கையோடு ஒருமுறை எடுத்திருந்தால் அந்தச் சாதகமும் போய்விடும். யார் எந்தக் கையோடு தொட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே திறந்த டப்பாவை விற்கக் கூடாது, சாம்பிளாகவும் கொடுக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு வேண்டாம்.

சட்டம் எதைக் கேட்கிறது

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் உங்களுக்கும் பொருந்தும். எப்போதாவது பழைய பொருளை ஒருவருக்கு விற்பவர்களுக்குத்தான் விலக்கு. வாரம்தோறும் ஆர்டர் எடுப்பவர் இன்ஸ்டாகிராமில் மட்டுமே விற்றாலும் வியாபாரிதான்.

அந்த விதிகளின்படி நான்கு சந்தர்ப்பங்களில் விற்பவர் பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்க முடியாது. பொருள் குறையுள்ளதாக இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டால், சொன்ன நாளைத் தாண்டி வந்தால். கடைசியாகச் சொன்ன தாமதத்துக்கு மட்டும், இயற்கைச் சீற்றம் போல உங்கள் கையை மீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு. இந்த நான்கிலும் "சீல் பிரிக்காமல் இருந்தால்" என்ற நிபந்தனை இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் எழுதாமல் விட்டால் 30 நாள் என்று அதுவே எடுத்துக்கொள்கிறது.

மறுபக்கம், "பிடிக்கவில்லை", "மனம் மாறிவிட்டது" என்பதற்காக ஆன்லைன் பொருளைத் திருப்பித் தரும் பொது உரிமை இந்தியாவில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள் உண்டு. அங்கேயும் சுகாதாரக் காரணத்துக்காகச் சீல் வைத்த பொருளைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். எனவே மனம் மாறியவருக்கு என்ன தருவது என்பது முழுக்க உங்கள் முடிவு. உங்கள் தவறுக்கு என்ன தருவது என்பது உங்கள் முடிவு இல்லை. எல்லைக்கோட்டை, திறந்த டப்பா, திறக்காத டப்பா என்று பார்த்துப் போடாதீர்கள். யாரால் வந்தது என்று பார்த்துப் போடுங்கள்.

முதல் படி: ஆர்டர் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியது

ரிட்டர்ன் தகராறில் பாதி, பேக்கிங் மேசையிலேயே தீர்ந்துவிடும். மூடிக்கு அடியில் அலுமினியச் சீல், வெளியே மூடியையும் டப்பாவையும் சேர்த்துப் பிடிக்கும் சுருங்கு பிளாஸ்டிக் பட்டை, இரண்டும் இருக்கட்டும் என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். வெளிப்பட்டை இருந்தால், திரும்பி வந்த டப்பா திறக்கப்பட்டதா என்று மூடியைத் தொடாமலே சொல்லிவிடலாம். உள்சீல் மட்டும் இருந்தால் அதைப் பார்க்க நீங்களே மூடியைத் திறக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பேட்ச் எண். லேபிளில் அது எப்படியும் இருக்கும். பேக் செய்யும்போது ஆர்டர் பட்டியலிலும் பில்லிலும் எழுதி வையுங்கள். பழைய டப்பாவை மாற்றி அனுப்புகிறவர்கள் அரிதாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் இருக்கிறார்கள். பேட்ச் எண் எழுதியிருந்தால் சண்டையே இல்லாமல் விஷயம் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமான பயன் வேறு: ஒரே பேட்சிலிருந்து இரண்டாவது புகார் வந்தால் உடனே கண்ணில் படும். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு டப்பாவைப் பிரிக்காமல் உங்களிடமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சாஷே. தயாரிப்பாளர் நிரப்பித் தரும் 2 கிராம் சாஷே ஒன்றைப் பெரிய டப்பாவோடு வையுங்கள். "முதலில் இதை முன்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள். ஒத்துவராவிட்டால் டப்பாவைத் திறக்காமல் அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு சீட்டு. இந்த ஒரே பழக்கம் "திறந்துவிட்டேன், எனக்கு ஒத்துவரவில்லை" என்ற பேச்சைக் கணிசமாகக் குறைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சாஷேவை நீங்களே பெரிய டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளி நிரப்பாதீர்கள். மேலே சொன்ன கிருமிக் கதை அங்கேயே தொடங்கிவிடும்.

இரண்டாம் படி: மூன்று வாசல்கள்

உங்கள் விதியை மூன்று தனிப் பத்திகளாக எழுதுங்கள்.

முதல் வாசல், மனம் மாறியவர். இங்கே சீல் நிபந்தனையைத் தாராளமாகப் போடலாம். வெளிப்பட்டையும் உள்சீலும் பிரியாமல், பார்சல் கிடைத்த 7 நாளுக்குள் சொன்னால் பொருளின் விலை திரும்பும், அனுப்பும் கூரியர் செலவு வாங்கியவருடையது. அந்தச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதுவது கட்டாயம். மின் வணிக விதிகள் அதைப் பெயர் சொல்லியே கேட்கின்றன.

இரண்டாம் வாசல், நம் தவறு. உடைந்தது, ஒழுகியது, தவறான பொருள், காலாவதி ஆனது அல்லது ஆகப்போவது, நிறமும் பதமும் மணமும் படத்துக்கும் விளக்கத்துக்கும் ஒத்துவராதது. இங்கே திறந்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. முழுப் பணம் அல்லது மாற்று டப்பா, எது வேண்டும் என்பதை வாங்கியவர் சொல்லட்டும். கூரியர் செலவு உங்களுடையது.

மூன்றாம் வாசல்தான் கடினம்: பொருளில் குறை இல்லை, ஆனால் அவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எரிச்சல், சிவப்பு, தடிப்பு. லேபிளில் எழுதியதற்கு மாறாக எதுவும் இல்லாவிட்டால் இது உங்கள் தவறு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பணத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்பேன், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பொருளுக்கு ஒருமுறை என்ற வரையறையோடு. முகம் வீங்கி நிற்பவரிடம் "சாஷே போட்டுப் பார்த்தீர்களா" என்று வாதாடுவது சரியில்லை. முதல் பதில், "உடனே நிறுத்திவிடுங்கள், குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள், டப்பாவையும் கொண்டுபோங்கள்" என்பதாக இருக்கட்டும். "முதலில் அப்படித்தான் இருக்கும், தொடர்ந்து போடுங்கள்" என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். அப்புறம் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பேட்சில் இன்னொருவருக்கும் எரிச்சல் வந்தால், அந்த பேட்ச் விற்பனையை நிறுத்திவிட்டுத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு புகாரை நடத்திப் பார்ப்போம்

மே மாதம். சென்னையிலிருந்து மதுரைக்கு 100 கிராம் ஷியா பாடி பட்டர், விலை ரூ. 499, கூரியர் சேர்த்து. நான்காம் நாள் வாங்கியவர் எழுதுகிறார்: "திறந்து பார்த்தேன், மணல் மணலாக இருக்கிறது. கெட்டுப்போனதை அனுப்பியிருக்கிறீர்கள்."

முதலில், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் போக வேண்டும். தீர்வுக்கு ஒரு மாதம் அவகாசம். இரண்டும் விதியில் இருக்கும் கெடுக்கள். கிரீம் விஷயத்தில் ஒரு மாதம் இழுப்பது அநியாயம், இரண்டு நாளில் முடித்துவிடலாம். பதிலில் மூன்று படம் கேளுங்கள்: திறந்த டப்பாவை மேலிருந்து எடுத்தது, லேபிளில் பேட்ச் எண் தெரியும்படி ஒன்று, கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒன்று. அந்தக் கொஞ்சத்தை விரலால் தேய்த்தால் மணல் கரைகிறதா என்றும் கேளுங்கள்.

கரைகிறது என்கிறார். அப்படியானால் நடந்தது இதுதான்: ஷியா பட்டரில் வெவ்வேறு வெப்பநிலையில் உறையும் கொழுப்புகள் இருக்கின்றன. கூரியர் வண்டியின் வெயில் சூட்டில் எல்லாம் உருகி, பிறகு மெதுவாக ஆறும்போது சில கொழுப்புகள் முந்திக்கொண்டு தனித்தனி மணிகளாக உறைந்துவிடுகின்றன. கெட்டுப்போகவில்லை, தடவினாலும் தீங்கில்லை. தேய்த்தும் கரையாத புள்ளிகள், பச்சை அல்லது கறுப்புப் படலம், மேலே தண்ணீர் பிரிந்து நிற்பது, பழைய எண்ணெய் நாற்றம் ஆகியவைதான் கெட்டதற்கான அடையாளம். அவை தெரிந்தால் உபயோகிக்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிட வேண்டும்.

சரி, மணல்பதம் தீங்கில்லாதது. ஆனால் உங்கள் விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் படத்தில் பட்டர் வழவழவென்று இருக்கிறது. ஆகவே சொன்ன தன்மை இல்லாத பொருள், இரண்டாம் வாசல். காரணத்தை நேர்மையாக விளக்குங்கள், உபயோகிக்கலாம் என்றும் சொல்லுங்கள், பணமா மாற்றா என்பதை அவரிடம் விடுங்கள். அவர் பணம் கேட்டால் முழு ரூ. 499. எடுத்து வைத்த அதே பேட்ச் டப்பாவைத் திறந்து பாருங்கள். அது வழவழப்பாக இருந்தால் பிரச்சினை வழியில் நடந்தது. கோடை முடியும்வரை வெள்ளி, சனியில் இந்தப் பொருளை அனுப்பாதீர்கள், கூரியர் கிடங்கில் ஞாயிறு முழுக்க வேகும். அதுவும் மணலாக இருந்தால் தயாரிப்பாளரிடம் பேச வேண்டிய நேரம்.

இங்கே ஒரு வார்த்தை. "ஓப்பனிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் இல்லை" என்று நம் ஊர் இன்ஸ்டாகிராம் கடைகள் நிறைய எழுதுகின்றன. பார்சல் உடைந்து வந்ததற்கும், உள்ளே பொருளே இல்லை என்பதற்கும் அந்த வீடியோ நல்ல சாட்சி. எடுத்து வைக்கச் சொல்லலாம். ஆனால் வீடியோ இருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. மணல்பதமோ நாற்றமோ வீடியோவில் தெரியப்போவதும் இல்லை.

நான்காம் படி: டப்பாவைத் திரும்ப வரவழைப்பதா?

திறந்த டப்பா என்றால் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். அந்த ரூ. 499 டப்பாவுக்குத் தயாரிப்பு ரூ. 150, பெட்டியும் பேக்கிங்கும் ரூ. 20, கூரியர் ரூ. 60, பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் கட்டணம் ரூ. 12 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ. 242. ரீஃபண்ட் செய்தால் உங்கள் கையிலிருந்து உண்மையில் போவது இந்த 242தான், ஏனென்றால் கேட்வே கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. டப்பாவை வரவழைக்க ரூ. 80 ஆனால் நஷ்டம் 322. வந்த டப்பாவைக் குப்பையில்தான் போடப் போகிறீர்கள். ரூ. 80 கொடுத்துக் குப்பை வாங்குவானேன்? படம் பார்த்து முடிவெடுத்து, பணத்தை அனுப்பி, "டப்பாவைக் காலி செய்து போட்டுவிடுங்கள், வேறு யாருக்கும் தர வேண்டாம்" என்று சொன்னால் போதும். பரிசோதனைக்குத் தேவை என்றால் மட்டும், அதாவது எரிச்சல் புகார் இரண்டாவது முறை வரும்போது, உங்கள் செலவில் வரவழையுங்கள்.

200 டப்பா விற்று அதில் 6 இப்படித் திறந்த பிறகு ரீஃபண்ட் ஆனால் நஷ்டம் 1,452 ரூபாய். மீதி 194 டப்பாவில் பரப்பினால் ஒன்றுக்கு ஏழரை ரூபாய். இந்த ஏழரை ரூபாயை விலை வைக்கும்போதே சேர்த்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு ரீஃபண்டும் உங்கள் லாபத்தைப் பிடுங்குவதுபோல் தோன்றாது, வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டவும் தோன்றாது. 200க்கு 6 என்பது உதாரணம்தான். முதல் மூன்று மாதம் உங்கள் எண்ணிக்கையை எழுதி வைத்து, அதைக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சீல் பிரியாமல் வந்த டப்பா வேறு. அதைத் தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள், நேரே அலமாரிக்குப் போக வேண்டாம். வெளிப்பட்டை முழுதாக இருக்கிறதா, பேட்ச் எண் நீங்கள் எழுதியதோடு ஒத்துப்போகிறதா, அதே பேட்சின் இன்னொரு டப்பாவோடு தராசில் வைத்தால் எடை கிட்டத்தட்ட ஒன்றா என்று பாருங்கள். பட்டையில் சந்தேகம் வந்தால் திறந்ததாகவே கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு முறை வெயிலில் பயணம் செய்த கிரீமைச் சீல் இருந்தாலும் மறுபடி விற்க எனக்கு மனம் வராது.

ஐந்தாம் படி: பணத்தை அனுப்புவது

ஆன்லைனில் கட்டியவருக்குக் கட்டிய வழியிலேயே திருப்புங்கள். கேட்வேயில் பழைய பரிவர்த்தனையைத் திறந்து ரீஃபண்ட் கொடுத்தால் போதும். அவர் கணக்கில் சேர 5 முதல் 7 வேலை நாள் ஆகலாம் என்று அன்றே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாள் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதுவார். கேஷ் ஆன் டெலிவரியில் கையில் காசு கொடுத்தவரிடம் யூபிஐ ஐடியை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு ஓடிபியோ பின் எண்ணோ தேவையில்லை. உங்கள் கடையின் பெயரைச் சொல்லி அவற்றை யார் கேட்டாலும் தர வேண்டாம் என்பதையும் உங்கள் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ரீஃபண்டுக்குப் பதில் கடைக் கூப்பன் தருவது முதல் வாசலில் செல்லும், முன்கூட்டியே சொல்லியிருந்தால். இரண்டாம் வாசலில் கூப்பனைத் திணிக்கக் கூடாது, பணம் கேட்டால் பணம்தான். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் திரும்பிய பில்லுக்குக் கிரெடிட் நோட் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் நடக்காத விற்பனைக்கு வரி கட்டுவீர்கள்.

ஆறாம் படி: எழுதி வைப்பது

மேலே சொன்ன எல்லாம் வாங்குபவர் படிக்கும்போது இவ்வளவுதான்:

"சீல் பிரிக்காத பொருளை, கிடைத்த 7 நாளுக்குள் எங்களிடம் சொல்லித் திருப்பி அனுப்பலாம். கூரியர் செலவு உங்களுடையது. பொருள் உடைந்தோ, கெட்டுப்போயோ, மாறியோ, விளக்கத்துக்கு ஒத்துவராமலோ, சொன்ன நாளுக்குப் பிந்தியோ வந்தால், திறந்திருந்தாலும் முழுப் பணம் அல்லது மாற்றுப் பொருள் தருவோம். கூரியர் செலவு எங்களுடையது. தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் உபயோகிப்பதை நிறுத்திவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். ஒரு பொருளுக்கு ஒருமுறை விலையைத் திருப்பித் தருவோம். திரும்பி வந்த திறந்த டப்பாவை நாங்கள் மறுபடி விற்பதில்லை. குறை தீர்ப்பு அலுவலர்: பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். 48 மணி நேரத்துக்குள் பதில் வரும்."

தனி ஆளாகக் கடை நடத்தினால் குறை தீர்ப்பு அலுவலர் நீங்கள்தான், உங்கள் பெயரையே போடுங்கள். இந்தப் பத்தி பொருள் பக்கத்திலும், பணம் கட்டும் பக்கத்திலும், இன்ஸ்டாகிராமில் விற்றால் ஆர்டரை உறுதிசெய்யும் செய்தியிலும் இருக்க வேண்டும். "விதிகளை ஏற்கிறேன்" என்ற பெட்டி வைத்தால் அதில் டிக் முன்பே போட்டிருக்கக் கூடாது, வாங்குபவர்தான் போட வேண்டும். நீங்கள் பதில் சொல்லாமல் விட்டால் அவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அங்கிருந்து உங்களிடம் விளக்கம் கேட்டால், பேட்ச் எண் எழுதிய பில், மூன்று படங்கள், நீங்கள் அனுப்பிய பதில், ரீஃபண்ட் எண் ஆகியவற்றை ஒரே கோப்பாக அனுப்பிவிடலாம். எனவே ஒவ்வொரு புகாருக்கும் ஆர்டர் எண்ணைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் திறந்து, இவற்றை அதில் போட்டு வையுங்கள்.